பில்லில், கார்டில், போர்டில் கியூஆர்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு அச்சுக்கடை வைத்திருக்கிறேன். விசிட்டிங் கார்ட், பில் புத்தகம், போர்ட் எல்லாம் அடித்துக் கொடுப்பதுதான் பிழைப்பு. வெப்சைட் டிசைன் பற்றிக் கேட்டால் எனக்குத் தெரியாது. அதன் முகவரியைத் தாளில் ஏற்றுவது பற்றிக் கேளுங்கள்.

பண்டாரவளை, பேக்கரி: அண்ணே, பில் கடைசியில கியூஆர் அடிக்கிறோம், கஸ்டமர் கருத்து எழுத. புது போன்ல வருது, பழைய போன்ல வரவே இல்ல. பிரிண்டர மாத்தணுமா?

வேண்டாம் தங்கச்சி, காசை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய பில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கட்டங்கள் ஒரே அளவாக இல்லை. சிலது ஒல்லி, சிலது தடிப்பு. கோளாறு அங்கேதான்.

உங்கள் கியூஆருக்குள் இருப்பது கருத்துப் படிவத்தின் முழு முகவரி. எண்ணினால் 118 எழுத்து. அவ்வளவையும் அடக்க ஒரு வரிசைக்கு 45 கட்டம் தேவைப்படுகிறது. உங்கள் சொப்ட்வெயாரில் கியூஆர் அளவு 20 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறீர்கள். பில் பிரிண்டர் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிதான் அடிக்கும். ஆக 160 புள்ளியில் 45 கட்டம், கட்டத்துக்கு மூன்றரைப் புள்ளி. அரைப் புள்ளியை எந்தப் பிரிண்டரும் அடிக்காது. அதனால் ஒரு கட்டத்தை மூன்றாகவும் அடுத்ததை நான்காகவும் அடித்துத் தள்ளுகிறது. நல்ல கமெரா சமாளித்துக்கொள்ளும், பழையது திணறும்.

முகவரியைச் சுருக்குங்கள். உங்கள் சொந்த டொமைனிலேயே, உதாரணத்துக்கு `https://example.lk/b` என்று ஒன்றை வைத்து, அது படிவத்துக்குத் திருப்பிவிடட்டும். இருபதே எழுத்து. இன்னொரு வித்தை: அதையே `HTTPS://EXAMPLE.LK/B` என்று முழுக்கப் பெரிய எழுத்தில் கொடுத்தால் கியூஆர் இன்னும் சுருங்கும். பெரிய எழுத்துக்கும் இலக்கத்துக்கும் அதனுள் சிக்கனமான தனி முறை உண்டு, சின்ன எழுத்துக்கு இல்லை. இப்போது 21 கட்டம் போதும். கட்டத்துக்கு 7 புள்ளி கொடுத்தால் மொத்தம் 147 புள்ளி, அதாவது 18 மில்லிமீட்டரும் சொச்சமும். முன்பை விடச் சின்னக் கியூஆர், ஆனால் ஒவ்வொரு கட்டமும் இரண்டு மடங்கு பெரிது. சுற்றிவர நான்கு கட்ட அகலம் வெள்ளையாக விட மறக்காதீர்கள். பில்லில் “நன்றி, மீண்டும் வருக” என்பதைக் கியூஆரோடு ஒட்டி அடித்திருக்கிறீர்கள், அதையும் கீழே தள்ளுங்கள்.

சொப்ட்வெயாரில் மில்லிமீட்டருக்குப் பதிலாக ‘மொடியூல் சைஸ்’, அதாவது ஒரு கட்டத்துக்கு எத்தனை புள்ளி, என்று கேட்கும் இடம் இருந்தால் அதையே பாவியுங்கள். அங்கே அரைப் புள்ளிப் பிரச்சினையே வராது.

நுவரெலியா, கெஸ்ட் ஹவுஸ்: விசிட்டிங் கார்டில் கியூஆர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சின்ன முகவரி என்றால் 2 சென்டிமீட்டர் போதும். அளவை விட நிறத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கடும் பச்சை கார்டில் வெள்ளைக் கட்டம் போட்ட டிசைன் ஒன்று போன மாதம்கூட வந்தது. தேயிலைக்குப் பொருத்தமாம். கறுப்பும் வெள்ளையும் தலைகீழானால் சில போன்கள் படிக்கவே மாட்டாது. வெள்ளையில் கறுப்பு, அதுவும் கறுப்பு மை மட்டும். நான்கு மையையும் கலந்து கறுப்பாக்கினால் தட்டு ஒரு மயிரிழை விலகினாலும் கட்ட ஓரம் கலர் கலராகப் பிசிறும். பளபள லமினேஷன் வேண்டாம், விளக்கடியில் பிடித்தால் கண்ணாடி மாதிரி அடிக்கும். கியூஆருக்குக் கீழே முகவரியையும் எழுத்தில் போடுங்கள். உங்கள் விருந்தாளி கார்டைப் போட்டோ எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்கிற ஆளாகவும் இருக்கலாம்.

கொட்டகலை, டிசைன் செய்பவர்: பிழைதிருத்தம் எச் லெவலில் வைத்தால் 30 வீதம் அழிந்தாலும் படிக்கும். அதனால் எப்போதும் எச் போட்டு நடுவில் லோகோ வைப்பதுதான் பாதுகாப்பு. சரிதானே?

பாதி சரி தம்பி. 30 வீதம் என்பது உண்மை. ஆனால் அந்தக் காப்புறுதி சும்மா வராது, கட்டங்களைக் கூட்டித்தான் வரும். மேலே சொன்ன அதே இருபது பெரிய எழுத்துக்கு, காப்பு குறைந்த எம் லெவலில் 21 கட்டம், எச் என்றால் 25. நீளமான முகவரியில் வித்தியாசம் இன்னும் பெரிது. கட்டம் சின்னதானால் பில்லில் படிப்பது கஷ்டமாகும், எதற்காக எச் போட்டீர்களோ அதுவே கெட்டுவிடும். மழையும் பாசியும் படுகிற போர்டுக்கு எச் போடலாம், இடம் இருக்கிறது. பில்லுக்கு எம். லோகோ வைக்கும்போது அந்த 30 வீதத்தில் ஒரு பங்கை நீங்களே முதலில் சாப்பிட்டுவிடுகிறீர்கள், கீறலுக்கும் மடிப்புக்கும் மிச்சம்தான் கிடைக்கும். எனக்கு லோகோ பிடிக்காது. வைத்து நன்றாக ஓடுகிற இடங்களையும் பார்த்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்ல, கஃபே: எங்கள் மெனு கியூஆர் ஒரு வருடம் நன்றாக வேலை செய்தது. இப்போது ஸ்கேன் பண்ணினால் யாரோ ஒரு கம்பனியின் பக்கம் வந்து பணம் கட்டச் சொல்கிறது.

இதைத்தான் ஆள் பார்த்து ஆள் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ‘டைனமிக்’ என்று செய்து கொடுத்திருப்பார்கள். அந்தக் கியூஆருக்குள் உங்கள் முகவரி இல்லை, அவர்களுடையது இருக்கிறது. அவர்கள் வழியாகத்தான் உங்கள் பக்கம் திறந்தது. சந்தா முடிந்தது, வாசலைப் பூட்டிவிட்டார்கள். ஒன்றில் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேசை எல்லாம் மறுபடி ஒட்ட வேண்டும்.

எனக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் கொடுத்த கியூஆரை ஸ்கேன் செய்தேன், பக்கம் திறந்தது, 2000 கார்ட் அடித்தேன். அது இலவசச் சோதனைக் காலம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இரண்டே வாரம். அன்றிலிருந்து பக்கம் திறக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. திறப்பதற்கு முன் போன் திரையில் என்ன முகவரி காட்டுகிறது என்று வாசிக்கிறேன். உங்கள் டொமைன் பெயர் அதில் இல்லை என்றால் அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

பின்னால் மாற்றுகிற வசதி வேண்டும் என்றால் அதைச் சொந்த டொமைனிலேயே செய்யலாம். அப்பாச்சி சேர்வர் என்றால் `.htaccess` கோப்பில் ஒரு வரி:

```
Redirect 302 /M https://example.lk/menu-2
```

301 போடாதீர்கள். அது நிரந்தர மாற்றம் என்று பிரவுசர் மனப்பாடம் செய்துவிடும், நீங்கள் மாற்றினாலும் பழைய இடத்துக்கே போகும்.

மஸ்கெலியா: எந்த வெப்சைட்டில் இலவசமாகக் கியூஆர் செய்யலாம்?

எதிலும். செய்த பிறகு மேலே எல்ல கஃபேக்குச் சொன்னபடி வாசித்துப் பாருங்கள்.

ஹப்புத்தளை, தேயிலைக் கடை: ரோட்டோரம் 10 அடி உயரத்தில் போர்ட். கியூஆர் எவ்வளவு பெரிதாகப் போட்டால் வேனில் போகிறவர்கள் ஸ்கேன் செய்வார்கள்?

செய்ய மாட்டார்கள். ஓடுகிற வேனில் இருந்து யாரும் போனைத் தூக்கிப் பிடிப்பதில்லை, அதுவும் உங்கள் பக்கத்து மூடுபனியில். நிற்கிறவருக்கு என்றாலும் தூரத்தில் பத்தில் ஒரு பங்காவது கியூஆர் இருக்க வேண்டும். ரோட்டின் மறுகரை 8 மீட்டர் என்றால் 80 சென்டிமீட்டர். போர்டில் பாதியை அதற்கே கொடுக்க வேண்டும்.

போர்டில் முகவரியை மட்டும் பெரிதாக எழுதுங்கள். `https://` வேண்டாம், `www` வேண்டாம். நடுக்கோடு உள்ள பெயர் என்றால் கோடு தூரத்தில் தெரியாது. கியூஆரை வாசல் நிலைக்கு அருகில், நெஞ்சுயரத்தில், 10 சென்டிமீட்டரில் ஒட்டுங்கள். ஒரு மீட்டரில் நின்று எடுப்பார்கள். கடை பூட்டியிருக்கும் நேரத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும், அதனால் கதவுக்கு வெளியே.

தலவாக்கலை: ஓட்டோ பின்பக்கம் ஒட்டலாமா?

முன்பதிலைப் பாருங்கள். உள்ளே, டிரைவர் சீட்டின் முதுகில் ஒட்டுங்கள்.

பதுளை, பலசரக்கு: பில் கியூஆர் ஸ்கேன் ஆகவில்லை, பிரிண்டர் பழசு, மாற்றலாமா?

முதல் பதில். பில்லில் நெட்டுக்கு வெள்ளைக் கோடு விழுந்தால் மட்டும் பிரிண்டர் ஹெட்டைச் சுத்தமான அல்கஹோலில் துடையுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பசறை: `.இலங்கை` என்று முடியும் தமிழ் முகவரியைக் கார்டில் அச்சிடலாமா?

தாராளமாக ஐயா, எழுத்தில் தமிழாகவே போடுங்கள். கியூஆருக்குள் மட்டும் அதன் மறுவடிவத்தைக் கொடுங்கள், `.xn--xkc2al3hye2a` என்று முடியும். தமிழாகவே கொடுத்தால் சில ஸ்கேனர்கள் எழுத்தைக் குழப்பிவிடும். வெளிநாட்டு விருந்தாளிக்குத் தமிழில் தட்டச்சு வராது, அவருக்குக் கியூஆர்தான் வழி.

பண்டாரவளை, பேக்கரி: இன்னொரு சிக்கல் அண்ணே. பில் கடைசியில கியூஆரைப் பார்த்ததும் காசு கட்டத்தான்னு நினைச்சு பேங்க் ஆப்ல ஸ்கேன் பண்றாங்க. பிழைன்னு வருது. நம்மளைத் திட்டறாங்க.

பதுளை, பலசரக்கு: லங்கா கியூஆரையும் அதையும் ஒன்றாகவே ஆக்கிவிட்டால் என்ன?

முடியாது. லங்கா கியூஆரைச் சாதாரணக் கமெராவில் பிடித்துப் பாருங்கள், `000201` என்று தொடங்கும் நீள வரி வரும். அது பேங்க் ஆப்புக்கான மொழி. உங்களுடையது பிரவுசருக்கானது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாலும் போன் தனக்குக் கிடைத்ததை எடுக்கும், ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். பில்லில் மொத்தத் தொகைக்குக் கீழே இருப்பதுதான் குழப்பம் என்பது என் எண்ணம். மேலே, கடைப் பெயரோடு போட்டு, “கருத்துச் சொல்ல” என்று மூன்று மொழியிலும் எழுதுங்கள்.

கொட்டகலை, டிசைன் செய்பவர்: மேலே போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பில்லின் அடிதான் கண்ணுக்குப் படும்.

பண்டாரவளை, பேக்கரி: எழுதினாலும் யார் வாசிக்கிறாங்க? கட்டத்தைப் பார்த்தவுடனே பேங்க் ஆப்தான்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பசறை: பில்லில் எழுத்து முகவரி மட்டும் போதும். கியூஆர் காசுக்கு மட்டும் என்று மக்கள் பழகட்டும்.

பதுளை, பலசரக்கு: ஐயா, பில்லைப் பார்த்து முகவரி தட்டச்சு செய்த ஒருத்தரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நானும் பார்த்ததில்லை. ஆனால் ஐயா சொல்வதையும் தள்ள முடியவில்லை. தங்கச்சி, ஒரு ரோல் மேலே, ஒரு ரோல் கீழே அடித்து, இரண்டுக்கும் வேறு வேறு முகவரி வைத்துப் பாருங்கள். எது எத்தனை தடவை திறந்தது என்று சேர்வர் கணக்கில் தெரியும்.

பண்டாரவளை, பேக்கரி: பெரிய எழுத்துல மாத்தி அடிச்சேன். பழைய போன்லயும் டக்குனு பிடிக்குது. ஆனா பக்கம் இல்லன்னு வருது!

சேர்வரில் சின்ன `/b` வைத்திருப்பீர்கள், தாளில் பெரிய `/B` போயிருக்கும். டொமைன் பெயருக்குப் பெரிது சின்னது கிடையாது, சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ளதுக்கு உண்டு. `/B`க்கும் ஒரு வரி சேருங்கள், பில்லை மறுபடி அடிக்கத் தேவையில்லை.