வாடகை வீட்டில் எம்பிராய்டரி: மெஷினை எப்போது வாங்கலாம்?

கேள்வி: பொழுதுபோக்காகக் கையால் எம்பிராய்டரி செய்கிறேன். தெரிந்தவர்கள் காசு கொடுத்துச் செய்து தரச் சொல்கிறார்கள். மாதம் நாலைந்து ஆர்டர் வருகிறது, ஆனால் கையில் பெரிதாக எதுவும் நிற்பதில்லை. சேமிப்பை எடுத்து எம்பிராய்டரி மெஷின் வாங்கினால் லாபம் வருமா? குடியிருப்பது வாடகை ஃபிளாட்டில்.

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். காசு ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு குஷன் கவரை எடுத்துக்கொள்வோம். ஊசி பிடித்து உட்காரும் நேரம் 5 மணி நேரம் என்றால், பெரும்பாலானவர்கள் அதற்கு மட்டுமே கூலி போடுவார்கள். ஆனால் டிசைன் பேசி முடிக்க 30 நிமிடம், துணியில் வரைய 20, கவராகத் தைக்க 40, அலசி இஸ்திரி போட 20, ஒப்படைக்க 30 என்று இன்னும் 140 நிமிடம் போகிறது. ஆக மொத்தம் 7 மணி 20 நிமிடம். 5 மணி நேரத்துக்குக் கூலி வாங்கினால் உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இலவசமாகப் போய்விடுகிறது. அடுத்த சில ஆர்டர்களுக்கு இந்த நேரம் முழுவதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அதை உங்கள் மணிக்கூலியால் பெருக்கி, நூல், துணிச் செலவைச் சேர்த்து விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு ஆள் வராவிட்டால் கூலியைக் குறைக்காதீர்கள், வேலையைச் சுருக்குங்கள். குஷன் முழுக்கப் பூ போடுவதற்குப் பதிலாக ஒரு மூலையில் மட்டும் போடலாம், குழந்தை உடுப்பில் பெயர் மட்டும் போடலாம்.

பாதிப் பணத்தை அட்வான்ஸாக வாங்கிவிடுங்கள். ஒருவர் பெயர் போட்ட துணியை இன்னொருவருக்கு விற்க முடியாது. வாடிக்கையாளர் கொடுக்கும் துணியில் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீரில் கரையும் பேனாவால் வரைந்துவிட்டு, அலசுவதற்கு முன்பே இஸ்திரி போட்டால் அந்தக் கோடு நிலைத்துவிடக்கூடும். அடர் சிவப்பு நூல் சாயம் விடுகிறதா என்று தனியாக நனைத்துப் பார்த்த பிறகே வெளிர் துணியில் ஊசியை இறக்குங்கள். ஒரு துணி பாழானால் அதற்கு ஈடு கொடுப்பதில் பல ஆர்டர்களின் கூலி கரைந்துவிடும்.

இனி மெஷினுக்கு வருவோம். வாடகை வீட்டில் இருப்பவர் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்: வாடகை ஒப்பந்தம் முடிவதற்குள் மெஷின் தன் விலையைச் சம்பாதித்துவிட வேண்டும். வீடு மாறினால் அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்களில் பலர் விட்டுப்போவார்கள்.

மெஷின் விலை உங்களுடைய 200 மணி நேரக் கூலிக்குச் சமம் என்றும், ஒரு ஆர்டருக்கு ஒன்றரை மணி நேரம் மிச்சப்படுத்துகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். போட்ட பணம் திரும்ப 134 ஆர்டர் வேண்டும். மாதம் 4 ஆர்டர் என்றால் அதற்கு இரண்டே முக்கால் வருடம் ஆகும். மாதம் 15 என்றால் 9 மாதத்தில் முடிந்துவிடும். உங்கள் ஒப்பந்தத்தில் 11 மாதம்தான் பாக்கி என்றால், 15 ஆர்டர் நிலையாக வரும்வரை கைவேலையே போதும். கடன் வாங்கி மெஷின் எடுத்தால் வட்டியையும் இதில் சேர்க்க வேண்டும்.

மிச்சமாகும் நேரத்தையும் அதிகமாகக் கணக்குப் போட்டுவிடாதீர்கள். ஒற்றை ஊசி மெஷினில் ஒவ்வொரு நிறத்துக்கும் நீங்கள்தான் நூல் மாற்ற வேண்டும். 8 நிறமுள்ள டிசைன் நடுவில் 7 முறை நிற்கும், அதனால் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். வளையத்தின் அளவைத் தாண்டிய டிசைனைத் துண்டு துண்டாகத்தான் போட முடியும்.

பழைய தொழிற்சாலை ரகத் தையல் மெஷின் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அதில் கிளட்ச் மோட்டாரா சர்வோ மோட்டாரா என்று கேளுங்கள். கிளட்ச் மோட்டார், தைக்காத நேரத்திலும் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை இரைந்துகொண்டே இருக்கும். கீழ்வீட்டுக்காரரிடமிருந்து புகார் வரும். சர்வோ மிதித்தால் மட்டும் ஓடும். எந்த மெஷினாக இருந்தாலும் மேஜைக் கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் விரிப்பு போடுங்கள்.

அப்புறம், ஒப்பந்தத்தில் ‘குடியிருப்புக்கு மட்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் மறைக்காமல் பேசிவிடுங்கள். அவர் பெரும்பாலும் யோசிப்பது சத்தம், ஆள் நடமாட்டம், மின்சாரம் இந்த மூன்றைத்தான். போர்டு மாட்ட மாட்டேன், வாடிக்கையாளர் முன்கூட்டிச் சொல்லிவிட்டு ஒவ்வொருவராகத்தான் வருவார்கள், இரவில் மெஷின் ஓடாது என்று சொல்லி, அவர் சம்மதத்தை ஒரு மெசேஜாகவாவது வாங்கி வையுங்கள். அந்தச் சம்மதம் கைக்கு வந்த பிறகுதான் மெஷினுக்கு முன்பணம் கட்ட வேண்டும். வீட்டுக்குக் காப்பீடு இருந்தால், தொழிலுக்கான மெஷினும் வாடிக்கையாளரின் துணிகளும் அதில் அடங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். பல பாலிசிகளில் அவை அடங்குவதில்லை.