மாதக் கட்டணமா, வருடக் கட்டணமா? சின்ன ஜிம் நடத்துபவர்களின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, எங்க ஜிம்மில் மாசம் 1,000 ரூபாய். வருடத்துக்கு 6,000 போடலாம் என்கிறார் பார்ட்னர். பாதி விலைக்குக் கொடுத்தால் நஷ்டம்தானே? (கரூர்)

12,000த்தோடு ஒப்பிட்டால்தான் அது பாதி, தம்பி. சேர்கிற எல்லாரும் 12 மாதமும் கட்டுகிறார்களா? ரசீது புத்தகத்தை எடுங்கள். ஒரே மாதத்தில் சேர்ந்தவர்களின் பெயரை எழுதி, ஒவ்வொருவரும் எத்தனை மாதம் கட்டினார்கள் என்று பாருங்கள்.

ஈரோட்டில் என் ஜிம்மில் ஒரு ஜனவரியில் 40 பேர் சேர்ந்தார்கள். பிப்ரவரியில் 24 பேர்தான் கட்டினார்கள், மார்ச்சில் 18, ஏப்ரலில் 15. அப்புறம் மெதுவாகக் குறைந்து டிசம்பரில் 9 பேர். அந்த வருடம் முழுக்க அவர்களிடமிருந்து வந்த மாதக் கட்டணங்களை எண்ணினேன்: 180. ஆளுக்குச் சராசரி நாலரை மாதம், அதாவது 4,500 ரூபாய். 6,000ஐ இந்த 4,500உடன் ஒப்பிட வேண்டும்.

அப்படியென்றால் 5,000 வைத்தாலும் லாபம்தான். எப்படியும் பாதிப் பேர் வரப்போவதில்லையே! (நாமக்கல்)

பாதி சரி. ஆனால் வருடத்துக்குக் கட்ட முன்வருபவர் சராசரி ஆள் இல்லை. விடாமல் வரப்போகிறவருக்குத்தான் அந்தச் சலுகை முதலில் கண்ணில் படும்.

அதே 40 பேரில் 15 பேர் சேரும் நாளிலேயே 6,000 கட்டுவதாக வையுங்கள், 90,000 வரும். கடைசிவரை வந்த அந்த 9 பேரும் இந்த 15க்குள் இருந்தால்? மாதாமாதம் கட்டியிருந்தால் அவர்கள் மட்டுமே 1,08,000 தந்திருப்பார்கள். மற்ற 6 பேர் இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் கட்டிவிட்டு நிற்பவர்கள், அவர்களிடமிருந்து 14,000. ஆக 1,22,000 வரவேண்டிய இடத்தில் 90,000. அந்த ஒன்பதில் 4 பேர் மட்டும் எடுத்து, மற்ற 11 பேரும் சீக்கிரம் நிற்பவர்களாக இருந்தால் கணக்கு திரும்புகிறது: 73,500 வரவேண்டிய இடத்தில் 90,000. நீங்கள் சொல்லும் 5,000க்கு 75,000தான் கிடைக்கும். 4 பேர் எடுத்தாலே சரிக்குச் சரி, ஐந்தாவது ஆள் எடுத்தால் நஷ்டம்.

அதனால் பழைய ஆட்களுக்கு இந்த 6,000 விலையை நான் நீட்டுவதில்லை. எட்டு மாதமாகக் காலை 6 மணிக்கு வந்து நிற்பவருக்குப் பாதி விலை தேவையில்லை. 10,000 என்றாலே சந்தோஷமாகக் கட்டுவார்.

நான் ஜிம் நடத்தவில்லை சார். ஒரு ஜிம்மில் வருடத்துக்குக் கட்டி 3 வாரம் போனேன், முழங்காலில் அடி. பணம் திரும்பக் கேட்கலாமா?

கேளுங்கள், மருத்துவர் சீட்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். பணம் தராவிட்டால் மீதி நாட்களை நிறுத்திவைத்து, கால் சரியானபின் தரச் சொல்லுங்கள். என் ஜிம்மில் வருடத்தில் 60 நாள்வரை அப்படி நிறுத்திவைக்கலாம். வராதவர் பணம் லாபம் என்று நினைக்கும் ஓனர்களுக்கும் இதைச் சொல்கிறேன்: ஏமாந்ததாக நினைக்கும் ஒருவர் தன் தெருவிலிருந்து இன்னொருவரை நம்மிடம் அனுப்பமாட்டார்.

மாசக் கட்டணத்தை 800 ஆக்கினால் ஆட்கள் நிற்பார்களா? (திண்டுக்கல்)

என் அனுபவத்தில் இல்லை. பிப்ரவரியில் கட்டாமல் போன அந்த 16 பேரின் வருகைப் பதிவைப் பார்த்தேன். 11 பேர் 12ஆம் நாளுக்கு முன்பே நின்றிருந்தார்கள். ஏற்கனவே பணம் கட்டிய மாதம் முடியும் முன்பே நின்றவர்களுக்கு 200 ரூபாய் குறைப்பு என்ன செய்யும்? முதல் நாளே ஸ்குவாட்டை அதிகம் செய்யவைத்துவிட்டோம். மறுநாள் படி இறங்க முடியவில்லை. அதுதான் பலர் சொன்ன காரணம்.

இப்போது முதல் வாரம் ஒவ்வொரு பயிற்சியிலும் இரண்டு செட்தான். மூன்று நாள் தொடர்ந்து வராதவருக்கு மாஸ்டர் போன் செய்வார். "ஏன் வரவில்லை?" என்று கேட்பதில்லை, "நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்பார். அடுத்து சேர்ந்த கூட்டத்தில் சராசரி ஐந்தரை மாதத்துக்கு ஏறியது. சராசரி ஏறினால் வருடக் கட்டணத்தையும் ஏற்ற வேண்டும். நானும் 7,000 ஆக்கினேன்.

இந்த ஜனவரியில் வருடக் கட்டணமாக நல்ல தொகை வந்திருக்கிறது. புது ட்ரெட்மில் வாங்கிவிடலாமா அண்ணா? (கரூர்)

பொறுங்கள். 90,000 வந்திருந்தால் மாதத்துக்கு 7,500தான் உங்களுடையது. மீதி, நீங்கள் இன்னும் கொடுக்காத மாதங்களுக்கான பணம். நான் ஒரு வருடம் அப்படி மெஷின் வாங்கிவிட்டு, ஆகஸ்ட் வாடகைக்கு நகையை அடகு வைத்தேன். தனிக் கணக்கில் போட்டு, மாதம் பன்னிரண்டில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள்.

வருடத்துக்குப் பதில் 3 மாத பேக்கேஜ் மட்டும் வைத்தால்? (நாமக்கல்)

2,500க்கு வைத்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம்வரை கூடுதல் ஆட்கள் வந்தார்கள். ஆனால் நான்காம் மாதம் மறுபடி 2,500 கேட்டபோது, 1,000 என்றால் கட்டியிருக்கக்கூடிய சிலர் யோசித்து நின்றுவிட்டார்கள். இரண்டு கூட்டம்தான் பார்த்திருக்கிறேன், இன்னும் முடிவுக்கு வரவில்லை. நீங்கள் செய்துபார்த்தால், நான்காம் மாதம் எத்தனை பேர் கட்டினார்கள் என்று எழுதுங்கள்.