மாமாவின் பணத்துக்கு ஒரு கணக்கு, மாமியின் பணத்துக்கு வேறு கணக்கு

கேள்வி: "பிரான்ஸில் லா குர்நெவில் இருக்கிறேன். வயது 31. என் மாமாவுக்கும் மாமிக்கும் பிள்ளைகள் இல்லை. மாமாவுக்கு 71 வயது, அவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். நான் வாங்கப்போகும் பழைய அப்பார்ட்மெண்டுக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து 60,000 யூரோ தருகிறோம் என்கிறார்கள். ஒரு லட்சம் வரை வரி இல்லை என்று நண்பர்கள் சொல்கிறார்கள், சரியா? இப்போது வாங்காமல் பிறகு உயில் எழுதி வைக்கச் சொன்னால் வரி குறையுமா?"

பதில்: அந்த ஒரு லட்சம் உங்களுக்குப் பொருந்தாது. அது ஒரு பெற்றவர் தன் பிள்ளைக்குக் கொடுக்கும்போது கிடைக்கும் கழிவு. உங்கள் விஷயத்தில் மாமா மட்டும் கொடுத்தால் 39,832 யூரோ வரை வரி இல்லாமல் வாங்கலாம். மாமி கொடுத்தால் முதல் யூரோவிலிருந்தே வரி. உயில் வரை காத்திருந்தால் வரி கூடும், குறையாது.

கணக்குக்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். உங்கள் மாமா எந்த மாமா? அம்மாவுடன் பிறந்தவரும் நமக்கு மாமா, அப்பாவின் சகோதரியைக் கட்டியவரும் மாமா, மனைவியின் அப்பாவும் மாமா. பிரெஞ்சு வரிச் சட்டம் இதில் முதலாமவரை மட்டுமே உறவு என்கிறது. மற்ற இருவரும் கல்யாணத்தால் வந்தவர்கள். சட்டத்தின் பார்வையில் தெருவில் போகிறவருக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பெரியப்பா, சித்தப்பாவிலும் இதே சிக்கல் உண்டு. அப்பாவின் தம்பியும் சித்தப்பா, அம்மாவின் தங்கை கணவரும் சித்தப்பா. ஒருவர் இரத்த உறவு, மற்றவர் இல்லை. நாம் வாய் நிறைய அண்ணன் என்று கூப்பிடும் பெரியப்பா மகன் அங்கே வெறும் கஸன். அண்ணனுக்கு உள்ள கழிவு அவருக்கு இல்லை. அதனால் என்னிடம் யாராவது உறவுமுறை சொன்னால் உடனே ஒரு தாளில் குடும்ப மரத்தை வரைந்துவிடுவேன். கோடு மேலே போய் ஒரே தாத்தா பாட்டியில் சேர்கிறதா என்று பார்ப்பேன். உங்கள் கோடு அம்மா வழியாகப் போய் மாமாவிடம் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

உடன்பிறந்தவரின் பிள்ளைக்கு இரண்டு சலுகைகள் உண்டு. முதலாவது, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் உள்ள உறவை வைத்து வரும் 7,967 யூரோ கழிவு. இது பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். இரண்டாவது, பணமாகக் கொடுக்கும் குடும்ப அன்பளிப்புக்கு உள்ள தனி விலக்கு, 31,865 யூரோ. இதுவும் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறைதான். கொடுப்பவர் எண்பது வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், வாங்குபவர் பதினெட்டு முடித்திருக்க வேண்டும். இது சாதாரணமாகப் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உள்ளது. கொடுப்பவருக்குச் சந்ததி இல்லாவிட்டால் மட்டுமே மருமகனுக்கோ பெறாமகனுக்கோ வந்து சேரும். உங்கள் மாமாவுக்குப் பிள்ளைகள் இல்லாததால்தான் உங்களுக்கு இந்த வழி திறக்கிறது.

இப்போது 60,000-ஐ மாமா ஒருவரே கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 31,865-ஐயும் 7,967-ஐயும் கழித்தால் 20,168 மிஞ்சும். மாமா-மருமகன் உறவுக்கு வரி விகிதம் ஒன்றே ஒன்றுதான், 55 விழுக்காடு. ஆக வரி 11,092 யூரோ. கழிவைத் தாண்டியதும் வரி இவ்வளவு வேகமாக ஏறுவதைப் பார்த்துப் பலர் திகைத்துப்போகிறார்கள். பிள்ளைகளுக்கு ஐந்து விழுக்காட்டில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். மருமகனுக்குப் படியே கிடையாது.

இதையே நீங்கள் எழுதியபடி இருவரும் பாதிப் பாதியாகக் கொடுத்தால்? மாமாவின் 30,000 அந்த 31,865-க்குள் அடங்கிவிடும், வரி இல்லை. மாமியின் 30,000-க்கு எந்தக் கழிவும் இல்லை, விகிதம் 60 விழுக்காடு. வரி 18,000 யூரோ. அதே பணம், அதே வீடு, படிவத்தில் ஒரு பெயர் கூடியதற்கு ஏறக்குறைய 7,000 யூரோ அதிகம். சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவர் நன்றிக்கடனாக மாமியின் பெயரையும் சேர்த்து அறிவித்துவிட்டு வந்து நின்றார். அதற்குப் பின் செய்வதற்கு அதிகம் இல்லை.

"ஆனால் பணம் இருவரின் கூட்டுக் கணக்கில் அல்லவா இருக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரான்ஸில் திருமண ஒப்பந்தம் எழுதாமல் கல்யாணம் செய்தவர்களுக்கு, அதற்குப் பின் சம்பாதித்தது இருவருக்கும் பொது. பொதுப் பணத்தை ஒருவர் மற்றவரின் சம்மதம் இல்லாமல் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது. ஆனால் சம்மதிப்பது வேறு, கொடுப்பது வேறு. மாமா கொடுக்கிறார், மாமி அதற்குச் சம்மதித்துக் கையெழுத்திடுகிறார் என்றால் கொடுப்பவர் மாமா ஒருவர்தான். அந்தச் சம்மதக் கடிதத்தின் வாசகத்தை மட்டும் ஒரு நொத்தேரிடம் காட்டி எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் கல்யாணமாகி வந்தவர்கள் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு முதலில் எந்த நாட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்பதை அவர் கேட்பார். பணம் பொதுவா தனியா என்பதை அதுதான் பெரும்பாலும் முடிவு செய்யும்.

சரி, வரியே கட்டாமல் மொத்தமும் வாங்க முடியுமா? நான் சொல்லும் வழி இது: 39,832-ஐ அன்பளிப்பாக வாங்குங்கள், மீதி 20,168-ஐ மாமாவிடம் கடனாக வாங்குங்கள். வட்டி இல்லாமலே இருக்கலாம். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், திருப்பிக் கட்டும் தேதிகள் வேண்டும், மாதாமாதம் வங்கி வழியாகப் பணம் உண்மையிலேயே போக வேண்டும். 5,000 யூரோவைத் தாண்டுவதால் வருமான வரி அறிவிப்போடு 2062 எண் படிவத்தில் அந்தக் கடனைக் காட்ட வேண்டும். இரண்டு வருடம் கழித்து மாமா "விடு தம்பி, கட்ட வேண்டாம்" என்றால், அந்த நாளில் அது அன்பளிப்பாகிவிடும், 55 விழுக்காடும் கூடவே வரும்.

இன்னொரு யோசனையும் உங்கள் காதுக்கு வரும். மாமா தன் அக்காவுக்குக் கொடுக்கட்டும், அக்கா தன் மகனுக்குக் கொடுக்கட்டும் என்பார்கள். உடன்பிறந்தவர்களுக்குக் கழிவு 15,932 யூரோ, அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஒரு லட்சம். தாளில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அம்மாவின் கணக்கில் விழுந்த பணம் அடுத்த வாரமே உங்கள் கணக்குக்கு வந்தால், வரி அலுவலகம் நடுவில் இருப்பவரை நீக்கிவிட்டு மாமா-மருமகன் என்றே கணக்குப் போடலாம். சட்டத்தை வளைத்ததாக முடிவு செய்தால் அபராதம் வரித்தொகையில் 80 விழுக்காடு வரை போகும். நான் யாருக்கும் இதைச் சொல்வதில்லை.

உங்கள் நண்பர்கள் சொன்ன ஒரு லட்சம் வேறோர் இடத்திலிருந்தும் வந்திருக்கலாம். 2025 பிப்ரவரி 15 முதல் 2026 டிசம்பர் 31 வரை ஒரு தற்காலிக விலக்கு இருக்கிறது. குடியிருக்கப் புதிய வீடு வாங்கினாலோ, சொந்தக் குடியிருப்பில் எரிசக்தி சேமிக்கும் திருத்த வேலை செய்தாலோ ஒருவரிடமிருந்து ஒரு லட்சம் வரை வாங்கலாம். சந்ததி இல்லாதவர் மருமகனுக்கும் கொடுக்கலாம். ஆனால் வீடு புதிதாக இருக்க வேண்டும். நீங்கள் பழைய அப்பார்ட்மெண்ட் வாங்குவதால் கொள்முதலுக்கு இது உதவாது. முடிவு இன்னும் கையெழுத்தாகவில்லை என்றால், கட்டிக்கொண்டிருக்கும் வீடு ஒன்றையும் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் தவறில்லை.

இனி உயில். உயில் இல்லாமல் மாமா போய்விட்டால், பிள்ளைகளும் இல்லை, பெற்றோரும் இல்லை என்கிற நிலையில் சொத்து மாமிக்குத்தான் போகும், உங்களுக்கு வராது. மாமி அதற்கு வரி கட்ட வேண்டியதும் இல்லை. மாமா உயிலில் உங்களுக்கு 60,000 எழுதினால், அந்த 31,865 விலக்கு அப்போது கிடைக்காது. அது உயிருடன் கொடுப்பதற்கு மட்டுமே. 7,967-ஐக் கழித்து மீதி 52,033-க்கு 55 விழுக்காடு, அதாவது 28,618 யூரோ வரி. மாமா முதலில் போய், பணம் மாமியிடம் சென்று, மாமி உங்களுக்கு உயில் எழுதினால் இன்னும் மோசம். உறவில்லாதவருக்கு வாரிசு வழியில் உள்ள கழிவு 1,594 மட்டுமே, விகிதம் 60. அப்போது 35,044 யூரோ வரி, உங்கள் கைக்கு 25,000-க்கும் குறைவு.

மாமா இன்று கொடுத்துவிட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்குள் இறந்தால், பயன்படுத்திய 7,967 கழிவு வாரிசுக் கணக்கில் மறுபடி கிடைக்காது. 31,865-ஐ அப்போது திரும்பக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அந்த விலக்கு இரண்டாம் முறை வராது என்பதையும் கவனியுங்கள்: பதினைந்து ஆண்டு கழித்து மாமாவுக்கு 86 வயதாகியிருக்கும்.

அப்புறம் காகிதங்கள். உங்கள் பிறப்புச் சான்றிதழ், அம்மாவின் பிறப்புச் சான்றிதழ், மாமாவின் பிறப்புச் சான்றிதழ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அம்மாவின் அப்பா பெயரும் மாமாவின் அப்பா பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு இலங்கைப் பத்திரம், இன்னொருவருக்கு அகதி அலுவலகமான ஒஃப்ப்ரா கொடுத்த பத்திரம் என்றால் ஒரே தாத்தா இரண்டு எழுத்துக்கோப்பில் நிற்பார், உறவு கேள்விக்குள்ளாகும். திருத்த வேண்டியிருந்தால் பணம் வரும் முன்பே தொடங்குங்கள், அது மாதக்கணக்கில் இழுக்கும். தமிழ், சிங்களப் பத்திரங்களுக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு வேண்டும்.

பணம் மாமாவின் பெயரில் மட்டும் உள்ள கணக்கிலிருந்து, ஒரே பரிமாற்றமாக வரட்டும். வந்த ஒரு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும், அறிவிக்க வேண்டியவர் வாங்கிய நீங்கள்தான். 2026 ஜனவரி 1 முதல் இதை இணையத்தில்தான் செய்ய வேண்டும்: impots.gouv.fr தளத்தில் உங்கள் சொந்தக் கணக்குக்குள் போய் Déclarer பகுதியைத் திறங்கள். கொடுப்பவர் என்ற இடத்தில் மாமாவின் பெயர் ஒன்றே இருக்கட்டும். உறவு என்ற இடத்தில் மருமகன் என்பதற்கு அகராதியில் gendre என்று பார்த்துப் போட்டுவிடாதீர்கள், அது மகளைக் கட்டியவர். நீங்கள் neveu.