மாதப் பெட்டிக்கு எத்தனை சந்தாதாரர் சேர்ந்தால் கையைக் கடிக்காது?

கேள்வி: கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். கடலை மிட்டாய், சாத்தூர் காராச்சேவு, கருப்பட்டி மிட்டாய், முறுக்கு எல்லாம் வைத்து மாதம் ஒரு பெட்டி 599 ரூபாய்க்கு சென்னை, பெங்களூரு, ஹைதராபாத்துக்கு அனுப்பப் போகிறேன். சரக்கு 290, பெட்டியும் உள் பேக்கிங்கும் 38, கூரியர் 95 (எடை 1.2 கிலோ, 1.5 கிலோ வரைக்கும் இந்த ரேட் என்றார்கள், வரி தனி), பேமென்ட் கேட்வேக்கு 2%. மாதச் செலவு 18,000: அறை வாடகை 6,000, உதவிக்கு வரும் அக்காவுக்கு 8,000, மற்றது 4,000. நான் போட்ட கணக்கில் 110 பேர் வருகிறது. இப்போது 70 பேர் சேரத் தயார். அறையை எடுத்துவிடலாமா? பெட்டி அளவு 30 × 22 × 12 செ.மீ.

பதில்: அறைக்கு இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் போட்ட முறை சரிதான், மாதச் செலவை ஒரு பெட்டியில் மிஞ்சும் பணத்தால் வகுக்க வேண்டும். ஆனால் 164 ரூபாய் மிஞ்சும் என்று வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு மிஞ்சாது.

முதலில் வரி. வெளி மாநிலத்துக்கு வரி உள்ள சரக்கை விற்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 40 லட்சம் வரை வேண்டாம் என்று பலர் சொல்வது மாநிலத்துக்குள்ளேயே விற்பவர்களுக்கு. நீங்கள் பெங்களூருக்கு ஒரே ஒரு பெட்டி அனுப்பினாலும் பதிவு வேண்டும், விற்றுமுதலில் ஒரு சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்திலும் சேர முடியாது. உங்கள் பண்டங்களுக்கு 5% (காராச்சேவு, முறுக்கு வகைகள் 2025 செப்டம்பர் 22 முதல் இதற்கு வந்தன). 599 என்பது வரியோடு சேர்ந்த விலை என்றால் அதில் 28 ரூபாய் சொச்சம் அரசுக்குப் போய்விடும், உங்கள் கைக்கு வருவது 570. கேட்வே மட்டும் முழு 599-க்கும் 2% எடுக்கும், அது 12 ரூபாய். கேட்வே கட்டணத்துக்கும் கூரியருக்கும் மேலே வரும் 18% வரி, பதிவு செய்தபின் நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட்டாகத் திரும்ப வரும், அதனால் அதை நான் செலவாக எழுதவில்லை. சில கேட்வேக்கள் மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் வசதிக்குத் தனியாக ஒரு கட்டணம் போடுவார்கள், ஒப்புக்கொள்வதற்கு முன் அதைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று: ஒரே விலைக்கு விற்கும் பெட்டியில் 18% வரி உள்ள ஒரு பொருளைச் சேர்த்தால் முழுப் பெட்டிக்கும் 18% விழலாம். தீபாவளிக்கு ஏதாவது அழகுப் பொருள் வைக்க நினைத்தால் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வையுங்கள்.

ஆக 570-ல் 290, 38, 95, 12 எல்லாம் போனால் மிச்சம் 135.

இப்போது பெட்டி. உங்கள் கேள்வியில் எனக்குப் பயம் வந்த இடம் இதுதான். கூரியர்காரர்கள் தராசு எடை, பெட்டி அடைக்கும் இடத்தை வைத்துப் போடும் எடை இரண்டையும் பார்த்து எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5000-ஆல் வகுப்பது வழக்கம் (சில இடங்களில் 4000, 4500 என்றும் வகுப்பார்கள், அப்படியென்றால் எடை இன்னும் கூடும்). உங்கள் பெட்டிக்கு 7920-ஐ 5000-ஆல் வகுத்தால் 1.584 கிலோ. தராசில் 1.2 காட்டினாலும் பில்லில் 1.584 ஆகிறது, 1.5-ஐத் தாண்டியதால் அடுத்த ஸ்லாபான 2 கிலோவுக்குப் போய்விடும். அடுத்த அரைக் கிலோவுக்கு 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கூரியர் 95 இல்லை, 125.

நான் முன்பு மசாலாப் பொடிப் பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தபோது இரண்டு மாதம் இதைக் கவனிக்கவே இல்லை. பணம் வாலட்டில் இருந்து தானாகக் கழிந்துகொண்டிருந்தது, மூன்றாம் மாதம் பில்லை எடுத்து வரி வரியாகப் பார்த்தபோதுதான் 'சார்ஜ்டு வெயிட்' என்ற கட்டத்தில் எல்லாப் பெட்டிக்கும் 2.0 என்று இருந்தது. அட்டைப்பெட்டி செய்பவர் கொடுத்த அளவு சரிதான், ஆனால் நிரப்பி டேப் ஒட்டியதும் மேல்மூடி ஒரு செ.மீ. உப்பிவிடும், அவர்கள் அளப்பது அந்த உப்பிய உயரத்தை. அதனால் நீங்கள் 10 செ.மீ. உயரத்துக்குப் பெட்டி செய்யச் சொல்லுங்கள். உப்பி 11 ஆனாலும் 1.452 கிலோதான் வரும், 1.5-க்குள் நிற்கும். முறுக்கு நின்ற வாக்கில் இருந்தால் படுக்க வைத்துப் பாருங்கள், இடம் கிடைக்கும். 500 பெட்டி அச்சடிப்பதற்கு முன்னால் ஐந்து சாதாரணப் பெட்டியில் நிரப்பி, ஒட்டி, டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

பெட்டியைக் குறைத்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது நொறுங்கியதும் திரும்பி வந்ததும். காராச்சேவு தாங்கும், முறுக்கு தாங்காது. நூற்றுக்கு நாலு பெட்டி மறுபடி அனுப்ப வேண்டியிருக்கும் என்று ஆரம்பத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று மாதம் ஓடியபின் உங்கள் சொந்த எண்ணை அந்த இடத்தில் போடலாம். மறுபடி அனுப்பும் ஒவ்வொன்றுக்கும் 290, 38, 95 மூன்றும் திரும்பச் செலவு, மொத்தம் 423. அதில் 4% என்றால் எல்லாப் பெட்டி தலையிலும் 17 ரூபாய். 135 இப்போது 118.

18,000-ஐ 118-ஆல் வகுத்தால் 153 பேர். பழைய 12 செ.மீ. பெட்டியோடே போயிருந்தால் இதே கணக்கு 207 பேரில் நின்றிருக்கும்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்துத்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 153 பேர் ஒரு தடவை சேர்ந்தால் போதாது, மாதாமாதம் 153 பேர் இருக்க வேண்டும். சந்தா என்றால் ஆட்கள் விலகிக்கொண்டேதான் இருப்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி கணக்கில் இருந்து பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்கு அறிவிப்பு போயாக வேண்டும், அந்த மெசேஜைப் பார்த்துத்தான் "போன மாசப் பெட்டியே இன்னும் தீரலையே" என்று நிறுத்துகிறவர்கள் உண்டு. விலகாதவர்களிலும் கணக்கில் பணம் இல்லாமல் சிலருக்குத் தட்டிப்போகும். மாதம் 12% பேர் விலகுகிறார்கள், ஒரு புது ஆளைப் பிடிக்க இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு 250 ரூபாய் ஆகிறது என்று வையுங்கள். நூறு பேரில் போகும் 12 பேருக்குப் பதில் 12 பேரைப் பிடிக்க 3,000 ரூபாய். அதாவது ஒரு பெட்டிக்கு 30 ரூபாய் விளம்பரத்துக்கே போகிறது. 118 இப்போது 88, தேவைப்படுவது 205 பேர். உங்கள் 110-க்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த 205-லும் உங்கள் சொந்த உழைப்புக்கு ஒரு ரூபாய்கூட இல்லை, மாதம் 15,000 எடுக்க வேண்டும் என்றால் 33,000-ஐ 88-ஆல் வகுத்து 375 பேர் வேண்டும்.

சரி, இதை எங்கே குறைப்பது? சரக்கின் தரத்தில் கை வைக்காதீர்கள், விலகுகிறவர்கள்தான் கூடுவார்கள். விலையை 649 ஆக்குங்கள். கூடுதல் 50-ல் வரியும் கேட்வேயும் போக 46 ரூபாய் அப்படியே உங்களுக்கு நிற்கும், ஏனென்றால் சரக்கும் கூரியரும் ஏறவில்லை. 88 இப்போது 134, தேவை 205-ல் இருந்து 135 பேராக இறங்குகிறது. விலை ஏறியதால் விலகல் 12-ல் இருந்து 15% ஆனால்கூட 143 பேர் போதும். 70 பேரிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள், ஒரு மாதம் வாங்கியபின் ஏற்றினால்தான் மனவருத்தம் வரும்.

ஆனாலும் கையில் இருப்பது 70 பேர்தானே. 70 பேருக்கு 134 வீதம் 9,380 ரூபாய், மாதச் செலவு 18,000, மாதம் 8,620 கையைக் கடிக்கும். அதனால் மாதாமாதம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கொடுக்கும் செலவை, பெட்டிக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். அறை வேண்டாம், 70 பெட்டி வீட்டுக்கூடத்தில் இரண்டு நாளில் கட்டிவிடலாம். அந்த அக்காவிடம் பேசி, மாதச் சம்பளத்துக்குப் பதில் பெட்டிக்கு 30 ரூபாய் என்று ஒப்புக்கொள்ளுங்கள், 70 பெட்டிக்கு 2,100 அவருக்குக் கிடைக்கும், இரண்டு நாள் வேலைக்கு அது நியாயமான கூலி. இப்போது மாதச் செலவு வெறும் 4,000, பெட்டிக்கு மிஞ்சுவது 104. 39 பேர் இருந்தாலே கையைக் கடிக்காது. 70 பேரில் 3,280 ரூபாய் மிஞ்சும், அதுதான் உங்கள் முதல் மாதக் கூலி, குறைவுதான், ஆனால் கடன் இல்லாத பணம். பெட்டி எண்ணிக்கை 267-ஐத் தாண்டும்போது பெட்டிக்கு 30 கொடுப்பதைவிட 8,000 சம்பளமே மலிவாகிவிடும், அப்போது அவரை மாதச் சம்பளத்துக்கு எடுங்கள். அறையைப் பற்றியும் அந்த நேரத்தில் யோசிக்கலாம்.

சரக்கு வாங்கும் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒன்றாம் தேதி பணம் எடுக்க விடுங்கள், தட்டிப்போனவர்களுக்கு வாட்ஸப்பில் லிங்க் அனுப்பி ஐந்தாம் தேதி வரை பாருங்கள், ஆறாம் தேதி வந்து சேர்ந்த பணத்தை எண்ணி அத்தனை பெட்டிக்கு மட்டும், நொறுங்குவதற்கு மூன்று நாலு சேர்த்து, சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் ஆர்டர் சொல்லுங்கள்.