கலர் பென்சிலை எடுங்கள், அப்புறம் கணக்கு போடலாம்

"சார், பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்கிறேன். A-இலிருந்து D வரை ஒரே வரிசையில் 6, 3, 2 ஓம் என மூன்று மின்தடைகள். நடுவில் B, C என்று இரண்டு புள்ளிகள். மேலே ஒரு ஒயர் A-யையும் C-யையும் சேர்க்கிறது, கீழே இன்னொன்று B-யையும் D-யையும் சேர்க்கிறது. தொடர் இணைப்பு என்று நினைத்து 11 ஓம் எழுதினேன். விடை 1 ஓமாம். எப்படி?"

படத்தில் வரிசையாக நிற்பதால் மட்டும் அது தொடர் இணைப்பு ஆகிவிடாது. எந்த முனை எதோடு சேர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

A-யில் சிவப்பு பென்சிலை வைத்து ஒயர் போகும் வழியெல்லாம் இழுங்கள். மின்தடை குறுக்கிட்டால் அங்கே நிறுத்துங்கள். மேல் ஒயர் வழியாக C-யும் சிவப்பாகிவிடும். வெறும் ஒயரில் வோல்டேஜ் விழாது என்று எடுத்துக்கொள்வதால், அது எவ்வளவு வளைந்து போனாலும் ஒரே நோடுதான். அடுத்து D-யில் நீலத்தைத் தொடங்குங்கள். கீழ் ஒயர் வழியாக B-யும் நீலம். ஒயர்கள் குறுக்கே தாண்டும் இடத்தில் புள்ளி இல்லையென்றால் கலரைத் தாவ விடாதீர்கள். பெரும்பாலும் இங்கேதான் படம் கெட்டுப்போகிறது.

இப்போது ஒவ்வொரு மின்தடையின் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 6 ஓம்: சிவப்பு, நீலம். 3 ஓம்: நீலம், சிவப்பு. 2 ஓம்: சிவப்பு, நீலம். நான்கு புள்ளி போலத் தெரிந்தாலும் நோடு இரண்டே. புதுத் தாளில் மேலே சிவப்புக் கோடு, கீழே நீலக் கோடு போட்டு, மூன்றையும் நடுவில் நிறுத்துங்கள். மூன்றும் பக்க இணைப்பு:

1/R = 1/6 + 1/3 + 1/2 = 1

A-யில் பாசிட்டிவ் வைத்து 6 வோல்ட் கொடுத்தால் 1, 2, 3 ஆம்பியர் ஓடும். நடு மின்தடையில் மட்டும் கரண்ட் C-யிலிருந்து B-க்கு, அதாவது வலமிருந்து இடமாகப் போகிறது. தொடர் இணைப்பாக இருந்தால் இது நடக்கவே நடக்காது.

இரு முனையிலும் அதே ஜோடிக் கலர் இருந்தால் பக்க இணைப்பு. தொடர் இணைப்புக்கு, இரண்டுக்கும் பொதுவான நோடில் வேறு எதுவும், பேட்டரி முனைகூட, சேர்ந்திருக்கக் கூடாது. இரண்டு முனையும் ஒரே கலர் என்றால் அது ஷார்ட் ஆன மின்தடை, விட்டுவிடலாம்.

சரி, அந்த இரண்டு ஒயர்களுக்குப் பதிலாகவும் மின்தடை இருந்தால்? A, B, C, D நான்கும் தனித்தனிக் கலர். ஜோடியும் ஒத்துவராது, தொடர் இணைப்புக்கு வேண்டிய, வேறு எதுவும் சேராத நோடும் கிடைக்காது. திருத்தி வரைந்தால் வீட்ஸ்டோன் பாலம் வரும். பழைய நடு மின்தடைதான் அதன் குறுக்குக் கை. பாலம் சமநிலையில் இல்லையென்றால் தொடர், பக்கம் என்று சுருக்கப் பார்க்காதீர்கள். D-யைப் பூஜ்ஜிய வோல்ட்டாக வைத்து, B, C இரண்டின் வோல்டேஜுக்கும் ஆளுக்கொரு கரண்ட் சமன்பாடு எழுதுங்கள்.