கூட்டுக் குடும்பத்தின் பெயரில் எழுதிய கடை: வரியும் மிஞ்சவில்லை, சொத்தும் தனிச்சொத்தாக இல்லை

கேள்வி: ஐயா, நான் தனியார் நிறுவன மேலாளர். 2006-இல் என் சம்பளத்திலும் கடனிலும் நங்கநல்லூரில் கீழே கடையும் மேலே அலுவலக அறையும் கொண்ட ஒரு கட்டடம் வாங்கினேன். 2015-இல் ஆடிட்டர் சொன்னதைக் கேட்டு, இது எங்கள் இந்து கூட்டுக் குடும்பச் சொத்து என்று அஃபிடவிட் எழுதி, தனி பான் எண் வாங்கி, மாதம் 55,000 ரூபாய் வாடகையை அந்தக் கணக்கில் காட்டி வருகிறேன். இப்போது அந்த வாடகையை என் வருமானத்தில் ஏன் சேர்க்கக் கூடாது என்று வரித்துறை கேட்டிருக்கிறது. அதே நேரத்தில், 80 பவுன் போட்டுக் கட்டிக்கொடுத்த மகள், மருமகன் பேச்சைக் கேட்டு மூன்றில் ஒரு பங்கு வேண்டும் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள். ஆடிட்டர் என்னை ஏமாற்றிவிட்டார். அஃபிடவிட்டை ரத்து செய்துவிட்டு, மகளுக்குப் பத்து லட்சம் கொடுத்து விடுதலைப் பத்திரம் வாங்கிக்கொண்டு, நானும் மகனும் மட்டும் கூட்டுக் குடும்பமாகத் தொடரலாமா?

பதில்: மருமகன் என்ன சொன்னார், ஆடிட்டர் என்ன நினைத்தார், திருமணத்துக்கு எத்தனை பவுன் போட்டீர்கள் என்பதையெல்லாம் ஒதுக்கி வையுங்கள். அவை எதுவும் இந்த இரண்டு நோட்டீசுக்கும் பதிலாகாது. 2015-இல் நீங்கள் அஃபிடவிட்டில் கையெழுத்திடுவதற்கு முந்தைய நாள் அந்தக் கட்டடம் யாருடையது என்ற ஒரே கேள்விதான் இதில் முக்கியம். அது உங்கள் சம்பளத்தில் வாங்கிய சுயார்ஜிதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வரித்துறை நோட்டீசுக்கு அந்த வாக்கியத்திலேயே விடை இருக்கிறது. மகளின் நோட்டீசுக்கு விடை அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பதால், கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

இந்து கூட்டுக் குடும்பம் என்பது வரிச் சட்டத்தில் தனி மனிதரிடமிருந்து வேறான ஒரு 'நபர்'. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படித்தான். ஒருவர் தன் சம்பளத்துக்குத் தன் பெயரில் ஒரு ரிட்டர்ன் போடுவார். பூர்வீக நிலத்து வருமானத்துக்குக் கர்த்தா, அதாவது குடும்பத்தை நிர்வகிக்கும் தலைவர், என்ற முறையில் இன்னொன்று போடுவார். இரண்டுக்கும் தனித்தனி விலக்கு வரம்பு உண்டு, வரி விகிதமும் கீழ்ப்படியிலிருந்தே தொடங்கும். குடும்பத்திடமிருந்து உறுப்பினருக்கு வரும் பங்குக்கு மறுபடியும் வரி கிடையாது. வரி விகிதம் குறைவாக இருந்த காலத்தில் இது சாதாரண விஷயம். ஆனால் 1973-74-இல் மேல்வரியும் சேர்ந்து உச்ச விகிதம் 97.75 சதவீதம் வரை போனது. மேல்படியில் நிற்கும் நூறு ரூபாயில் இரண்டேகால் ரூபாய் மட்டுமே கையில் மிஞ்சும் நிலையில், அதே நூறு ரூபாயை இன்னொரு கோப்பின் கீழ்ப்படியில் கொண்டுபோய் வைத்தால் பெரும்பகுதி தப்பும். சுயார்ஜிதத்தைக் கூட்டுக் குடும்பத்தில் கலப்பதும், ஒரே ஒரு வைப்புத்தொகையை மட்டும் பாகம் பிரித்து மகன்களின் சிறு குடும்பங்களுக்குப் புதிய கோப்பு திறப்பதும் அதற்காகவே நடந்தன.

நாடாளுமன்றம் இந்தக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தியது. 1969 டிசம்பர் 31-க்குப் பிறகு உரிய விலை பெறாமல் குடும்பத்தில் கலக்கப்பட்ட சுயார்ஜிதத்தின் வருமானம், கலந்தவரின் சொந்த வருமானமாகவே கருதப்படும் என்கிறது பிரிவு 64(2). பூர்வீகச் சொத்திலோ, குடும்பத்துக்கென்று பிறர் உயில் மூலம் விட்ட சொத்திலோ வரும் வருமானத்தை இந்தப் பிரிவு தொடாது. உங்களிடம் அப்படி எதுவும் இல்லை. ஆக, 2015-இல் உங்களுக்குச் சொல்லப்பட்ட வழி, நீங்கள் அதில் இறங்குவதற்கு 45 ஆண்டுகளுக்கு முன்பே மூடப்பட்டது. (நோட்டீஸ் பழைய சட்டத்தின்படி வந்திருப்பதால் அந்தச் சட்டத்தின் பிரிவு எண்களையே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டத்தில் எண்கள் மாறுகின்றன.)

கணக்கைப் பாருங்கள். ஆண்டு வாடகை 6,60,000 ரூபாய். அதில் 30 சதவீத நிலைக் கழிவு போக 4,62,000. பழைய வரி முறையில் குடும்பத்தின் 2,50,000 விலக்கையும் பிரிவு 80சி தரும் சேமிப்புக் கழிவான 1,50,000-ஐயும் கழித்தால் மிஞ்சுவது 62,000. அதற்கு வரி, செஸ் உட்பட 3,224 ரூபாய். அதே 4,62,000 ரூபாய் 30 சதவீதப் படியில் இருக்கும் உங்கள் சம்பளத்தின் மேல் ஏறினால் வரி 1,44,144 ரூபாய். ஆண்டுக்கு ஏறக்குறைய 1.41 லட்சம் மிச்சப்படுத்தியதாக நினைத்தீர்கள். நோட்டீசில் உள்ள ஆண்டுகளுக்கு அந்த வித்தியாசம் வட்டியுடன் வரும். குடும்பக் கோப்பில் வரி கட்டிவிட்டேன் என்ற வாதம் நிற்காது. வேறொருவரிடம் வரி வாங்கியிருந்தாலும் சட்டப்படி கட்ட வேண்டியவரிடம்தான் அதிகாரி வாங்க வேண்டும் என்று 1996-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் பக்கம் நிற்கும் ஒன்று உண்டு. சேர்ந்த வாடகையை வைப்புத்தொகையாகப் போட்டிருந்தால் அதன் வட்டி குடும்பத்தின் வருமானமே. சேர்க்கப்படுவது சொத்தின் வருமானம், அந்த வருமானம் ஈன்ற வருமானம் அல்ல. பதிலில் இதை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இனி, நான் உண்மையில் அஞ்சும் இடத்துக்கு வருகிறேன். வரிச் சட்டம் உங்கள் அஃபிடவிட்டைக் கண்டுகொள்ளவில்லை என்பதால் அது செல்லாக் காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிவு 64(2) வருமானம் யார் கணக்கில் சேரும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. சொத்து யாருடையது என்பதை இந்துச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்தச் சட்டப்படி, சுயார்ஜிதத்தைக் குடும்பத்தில் கலப்பது ஒருதலையான செயல். மற்றவர்கள் அதை ஏற்க வேண்டியதில்லை, முன்பே பூர்வீகச் சொத்து இருந்திருக்க வேண்டியதுமில்லை. தனி உரிமையைக் கைவிடும் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும். தாராள மனதோடு பிள்ளைகளை வாடகையை அனுபவிக்க விட்டிருந்தால் அது கலப்பு ஆகாது என்று வாதாடலாம். நீங்களோ முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். கலந்ததைத் தனியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. 'ரத்து அஃபிடவிட்' என்று இன்னொன்று எழுதினால், முதல் அஃபிடவிட்டை நிரூபிக்கும் வேலையை மகளின் வக்கீலுக்கு நீங்களே முடித்துக் கொடுத்ததாகும்.

இதே நிலையில் என்னிடம் வந்த ஒரு கட்சிக்காரர், வரி அதிகாரியிடம் 'குடும்பச் சொத்து' என்றும் சிட்டி சிவில் கோர்ட்டில் 'என் சொந்தச் சொத்து' என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். குறுக்கு விசாரணையில் அவர் கையில் கொடுத்தது வங்கியில் குடும்பக் கணக்கு தொடங்கியபோது நிரப்பிய படிவம். வயது வந்த உறுப்பினர்கள் எல்லோரும் அதில் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது வரியில், 'பங்குரிமையர்' என்ற கட்டத்துக்கு எதிரே, அவர் மகளின் கையெழுத்து நீல மையில் இருந்தது. பக்கத்திலேயே கர்த்தா என்று அவருடையது. அதற்குப் பிறகு கேட்பதற்குக் கேள்வி எதுவும் இருக்கவில்லை. உங்கள் வங்கியில் இருக்கும் படிவத்தை முதலில் ஒரு நகல் வாங்கிப் பாருங்கள்.

மகளுக்குத் திருமணமாகிவிட்டது என்பதும் உதவாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி மகள் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான பங்குரிமையர் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது. மனைவிக்கும் சேர்த்து நான்கு பங்கு வைத்து மகளின் பங்கைக் குறைக்கலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், அதுவும் நடக்காது. தந்தையும் பிள்ளைகளும் பிரியும்போது மனைவிக்குப் பங்கு ஒதுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் வழக்கொழிந்துவிட்டது. எனவே நீங்கள், மகன், மகள் என மூன்று பங்குதான். மூன்றில் ஒன்று என்று அந்த வக்கீல் நோட்டீசில் இருப்பது சரியான கணக்கு.

பத்து லட்சம் கொடுத்து மகளை மட்டும் வெளியேற்றும் உங்கள் திட்டத்தைச் செய்ய வேண்டாம். ஒரு உறுப்பினரையோ ஒரு சொத்தையோ மட்டும் பிரிப்பது பகுதிப் பாகப்பிரிவினை. 1978 டிசம்பர் 31-க்குப் பிறகு நடந்த எந்தப் பகுதிப் பாகப்பிரிவினையையும் வரிச் சட்டம் ஏற்பதில்லை என்று பிரிவு 171(9) சொல்கிறது. பணம் உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். வரித்துறையின் பார்வையில் குடும்பம் பிரியாமலே இருக்கும். வரிப் பாக்கிக்கு உறுப்பினர்கள் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பாவார்கள். கட்டடத்தின் முழு வாடகையும் உங்கள் தலையிலேயே தொடரும். வழக்கை நிறுத்திய நிம்மதியில் பத்திரத்தைப் பதிந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அடுத்த நோட்டீசோடு வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சமரசமாகப் போங்கள், ஆனால் முழுமையாகப் பிரியுங்கள். எண்ணுக்காக ஒரு மதிப்பு வைத்துக்கொள்வோம்: கீழ்க்கடை 42 லட்சம், மாடி அறை 33 லட்சம், குடும்பக் கணக்கில் வைப்புத்தொகை 24 லட்சம், மொத்தம் 99 லட்சம். மாடி மகனுக்கு. வைப்புத்தொகை முழுவதும் மகளுக்கு. கீழ்க்கடை உங்களுக்கு, அதற்காக உங்கள் சொந்தப் பணத்திலிருந்து 9 லட்சம் மகளுக்குக் கொடுத்து ஈடு செய்யுங்கள். ஆளுக்கு 33 லட்சம் ஆகிறது. மனைவிக்கு நீங்கள் செய்ய விரும்புவதை உங்கள் பங்கிலிருந்து உயிலில் எழுதலாம். பத்திரத்தில் 'மூன்றில் ஒன்று' என்று பின்னம் மட்டும் எழுதிவிட்டு, எல்லாவற்றையும் பழையபடி சேர்த்தே வைத்திருந்தால் அது வரிச் சட்டத்துக்குப் பாகப்பிரிவினை ஆகாது. சொத்து இடம்கொடுக்கும் அளவுக்கு நிஜமாகவே பிரிந்திருக்க வேண்டும். மாடி வாடகை ஒப்பந்தம் மகன் பெயருக்கும் கீழ்க்கடை ஒப்பந்தம் உங்கள் சொந்தப் பெயருக்கும் மாற வேண்டும், குடும்ப வங்கிக் கணக்கு மூடப்பட வேண்டும்.

பத்திரம் பதிவானதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பிரிவு 171-இன்படி அதிகாரி விசாரித்து, குடும்பம் இந்தத் தேதியில் முழுமையாகப் பிரிந்தது என்று உத்தரவு போடும் வரை, சட்டத்தின் கண்ணில் நீங்கள் பிரியாத குடும்பமே. அந்த விண்ணப்பத்தைப் போடாமல் ரிட்டர்னை மட்டும் நிறுத்துவதுதான் நான் அதிகம் காணும் தவறு. உத்தரவு வந்த பிறகு மாடி வாடகை மகனின் வருமானம், வைப்புத்தொகை வட்டி மகளின் வருமானம். எதுவும் உங்களிடம் திரும்ப வராது. 2015-இல் நீங்கள் தேடிய வருமானப் பிரிப்பு அப்போதுதான், சொத்தைக் கொடுத்ததற்குப் பதிலாக, கிடைக்கும்.

பழைய ஆண்டுகளுக்கு வாடகைச் சேர்ப்பை எதிர்க்காதீர்கள். அஃபிடவிட் நகலையும் குடும்ப ரிட்டர்ன்களையும் இணைத்து, எதையும் மறைக்கவில்லை என்று காட்டுங்கள். குறைத்துக் காட்டியதாக மட்டும் எடுத்தால் அபராதம் வரியில் 50 சதவீதம். தவறாகக் காட்டியதாக எடுத்தால் 200 சதவீதம். முதல் வகையாக இருந்தால், வரியையும் வட்டியையும் கட்டி, மேல்முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பிரிவு 270ஏஏ-இல் விலக்கு கேட்கலாம். அந்தக் கெடுவை ஆடிட்டரின் நினைவில் விட்டுவிடாமல், உங்கள் வீட்டு நாட்காட்டியில் நீங்களே குறித்து வையுங்கள்.