படத்தின் கீழ் ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்

கேள்வி: அப்பாவின் இசிஜி தாளை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். பெரிய கட்டங்களை எண்ணியே இதயத்துடிப்பைச் சொல்லிவிட முடியுமா?

முடியும், ஆனால் தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும், தாள் ஓடிய வேகம் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு வந்த படமும் ஓரம் வெட்டப்பட்டே வந்திருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் நடந்தது.

பொதுவாகத் தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். தடித்த கோடுகளுக்கு இடைப்பட்ட பெரிய கட்டத்தின் அகலம் 5 மில்லிமீட்டர், அதாவது 0.2 நொடி, ஒரு நிமிடத்துக்கு 300 கட்டங்கள். தடித்த கோட்டின் மேல் விழுந்திருக்கும் கூர்மையான உச்சி ஒன்றைப் பிடித்து, அடுத்த உச்சி வரை எத்தனை கட்டம் என்று எண்ணி, அந்த எண்ணால் 300ஐ வகுக்க வேண்டும். நான்கு கட்டம் என்றால் 75. இடையில் வரும் உருண்டையான மேட்டை உச்சி என்று எண்ணிவிடக் கூடாது. படம் சற்றுச் சாய்ந்திருந்தாலும் பாதகமில்லை, அலையோடு கட்டமும் சேர்ந்தே சாய்கிறது.

நான் மண்டபம் பக்கம் செவிலியராக இருக்கிறேன். தொண்டியில் இருக்கும் என் சித்தப்பா கடலிலிருந்து கரைக்கு வந்ததும் தலைசுற்றுகிறது என்றிருக்கிறார். அவருடைய மகன் அனுப்பிய படத்தில் உச்சிகளுக்கு இடையே எட்டுக் கட்டங்கள் இருந்தன. கணக்குப்படி துடிப்பு 37 தான். மூன்று சிறு கட்டத்துக்குள் அடங்க வேண்டிய உச்சி அலை நான்கு சிறு கட்டம் அகன்றிருந்ததால், இதய மின்னோட்டமே தடைபட்டுவிட்டதோ என்று எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனாலும் தம்பியிடம், "அப்பா மணிக்கட்டைப் பிடிச்சு அரை நிமிஷம் எண்ணுடா" என்றேன். 38 என்றான், நிமிடத்துக்கு 76. இதயம் துடிப்பதைவிட நாடி குறைவாகத் தட்டுப்படுவதுண்டு. கூடுதலாக அடிக்க வழியில்லை. தாளை முழுதாக எடுத்து அனுப்பச் சொன்னபோது, கீழ் ஓரத்தில் 50 mm/s என்று அச்சாகியிருந்தது. அந்த வேகத்தில் 300க்குப் பதில் 600ஐ வகுக்க வேண்டும். எட்டுக் கட்டத்துக்கு 75 வருகிறது, அகன்று தெரிந்த அலையும் 0.08 நொடிதான், இயல்பான அளவு. முன்பு யாருக்கோ மாற்றிய வேகத்தைத் திரும்பச் சரிசெய்யாமல் எங்கள் சித்தப்பாவுக்கும் தாளை ஓட்டியவர்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

நான் மருத்துவர் அல்ல. செல்போனில் நோயைக் கண்டறியச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்தக் கணக்கு சொல்வது துடிப்பின் எண்ணிக்கையை மட்டுமே, அதுவும் உச்சிகள் ஒரே இடைவெளியில் வந்தால்தான். இடைவெளி மாறிமாறி வந்தால், 25 மில்லிமீட்டர் வேகத் தாளில் தொடர்ந்து 30 பெரிய கட்டங்களுக்குள், அதாவது ஆறு நொடியில், உள்ள உச்சிகளை எண்ணிப் பத்தால் பெருக்குங்கள். அப்பாவுக்கு நெஞ்சுவலியோ மயக்கமோ இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் முதலில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.